எட்டாயிரம் ஓம் சொல்லும் அதிர்வெண்

குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான கியூபிட்டை, போதிய குளிரில் மின்தடையை இழக்கும் மீக்கடத்தியால் செய்த சில்லு ஒன்று தயாரானதும் அதை நேரே குளிர்விப்பானுக்குள் ஏற்றுவதில்லை. டைல்யூஷன் குளிர்விப்பான் அறை வெப்பநிலையிலிருந்து 10, 20 மில்லிகெல்வின் வரை இறங்க ஓரிரு நாள் பிடிக்கும். தவறான சில்லை ஏற்றினால் அத்தனையும் வீண். அதனால் முதலில் நுண்ணோக்கியின் கீழ் வைத்து, இரண்டு மெல்லிய ஊசிகளால், கியூபிட்டின் மையமான ஒவ்வொரு சந்தியையும், அதாவது இரண்டு உலோகங்களுக்கு நடுவே மெல்லிய ஆக்சைடு உள்ள இடத்தையும், தொட்டு அதன் மின்தடையை அளக்கிறார்கள். எட்டாயிரம் ஓம் அளவில் வந்தால், "இந்தக் கியூபிட் 5 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் வரும்" என்று அப்போதே எழுதிவைத்துவிடலாம்.

யோசித்தால் இது வினோதமான காரியம். வேலை செய்யும்போது அந்தச் சந்தியில் மின்தடையே இருக்காது. மின்தடை இல்லாமல் இயங்கப்போகும் ஒரு பொருளின் அதிர்வெண்ணை, அது சாதாரண உலோகமாக இருக்கும்போது காட்டும் மின்தடை எப்படிச் சொல்கிறது? இதற்கு விடை தேடிப் போனால் எலக்ட்ரான் இணைகள், அவை தாண்டும் ஆக்சைடுப் படலம், கியூபிட்டின் வடிவமைப்பு, அது கெட்டுப்போகும் விதங்கள் எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும்.

இணையும் இடைவெளியும்

எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குபவை. ஆனால் உலோகப் படிகத்துக்குள் ஓர் எலக்ட்ரான் போகும் வழியில் உள்ள நேர்மின் அயனிகள் அதை நோக்கிச் சற்றே நகர்கின்றன. அயனிகள் கனமானவை, திரும்பி வர நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் அங்கே நேர்மின்னூட்டம் கொஞ்சம் கூடியிருப்பதால் இன்னோர் எலக்ட்ரான் அங்கே ஈர்க்கப்படுகிறது. இந்த ஈர்ப்பு எவ்வளவு நலிந்ததாக இருந்தாலும் சரி, உலோகத்தில் நிறைந்திருக்கும் மற்ற எலக்ட்ரான்களின் முன்னிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் பிணைந்துவிடும் என்று 1956இல் லியோன் கூப்பர் காட்டினார். அடுத்த ஆண்டே பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் அதை முழுக் கோட்பாடாக்கினார்கள்.

'இணை' என்றதும் இரண்டு மணிகள் ஒட்டிக்கொண்டு திரிவதாக நினைத்துவிடக் கூடாது. தூய அலுமினியத்தில் ஓர் இணையின் அகலம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் மேல். அந்த இடத்துக்குள்ளேயே இன்னும் லட்சக்கணக்கான இணைகளின் மையங்கள் கிடக்கின்றன. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால் ஒவ்வோர் இணையும் தனக்கென ஒரு அலைக்கட்டத்தை, அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எங்கே நிற்கிறது என்பதை, தனியே வைத்துக்கொள்ள முடியாது. உலோகத் துண்டு முழுவதற்கும் ஒரே கட்டம்தான். கோடானுகோடி இணைகள் இருந்தும் மின்சுற்றை விவரிக்க ஒரேயொரு மாறி போதும் என்று ஆவதற்குக் காரணம் இதுவே.

இணையை உடைக்க ஆற்றல் செலவாகும்; இதை ஆற்றல் இடைவெளி என்பார்கள். மெல்லிய அலுமினியப் படலத்தில் ஓர் எலக்ட்ரானுக்குச் சுமார் 180 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட், இணைக்கு 360. இதை அதிர்வெண்ணாக மாற்றினால் 87 ஜிகாஹெர்ட்ஸ். கியூபிட்டை இயக்கும் நுண்ணலை 5 ஜிகாஹெர்ட்ஸ். 20 மில்லிகெல்வினில் வெப்பத்தின் ஆற்றலோ 0.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஈடு. இந்த மூன்று எண்களின் வரிசைதான் முக்கியம். வெப்பத்தால் கியூபிட் தானாகக் கிளர்ச்சியடையாது. கியூபிட்டின் நுண்ணலையால் இணை உடையாது. அலுமினியம் 1.2 கெல்வினிலேயே மீக்கடத்தியாகிவிடுகிறதே, பிறகு ஏன் அதைவிட ஐம்பது மடங்குக்கு மேல் குளிர வைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்: மீக்கடத்தல் நிலைக்கு 1 கெல்வின் போதும், 5 ஜிகாஹெர்ட்ஸ் மட்டம் காலியாக இருப்பதற்குப் போதாது.

ஒன்றரை நானோமீட்டர் தடுப்பு

இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே ஒன்று முதல் இரண்டு நானோமீட்டர் தடிமனுள்ள காப்புப் பொருளை வைத்தால் அதுவே ஜோசப்சன் சந்தி. சாதாரணமாகக் காப்புப் பொருளின் வழியே மின்னோட்டம் போகாது. ஆனால் படலம் இவ்வளவு மெல்லியதாக இருந்தால் எலக்ட்ரானின் அலை மறுபக்கத்திலும் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். அதனால் எலக்ட்ரான் ஊடுருவிப் போக ஒரு சிறு வாய்ப்பு உண்டு.

ஓர் எலக்ட்ரானுக்கே வாய்ப்பு அரிது என்றால் இரண்டு சேர்ந்து போவது அரிதினும் அரிது, வாய்ப்பை வாய்ப்பால் பெருக்கினால் பூஜ்யத்துக்குச் சமம் என்றுதான் 1960களின் தொடக்கத்தில் பலரும் கருதினார்கள். கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்த பிரையன் ஜோசப்சன் 1962இல், 22 வயதில், கணக்கிட்டுப் பார்த்தபோது விடை வேறாக வந்தது. இணை என்பது இரண்டு தனி எலக்ட்ரான்களின் தற்செயலான கூட்டுப் பயணம் இல்லை. இருபுறமும், ஏற்கெனவே தத்தமக்குள் ஒரே கட்டம் கொண்ட இரண்டு கூட்டு அலைகள் நேரடியாகப் பிணைகின்றன. அதனால் இணைகளின் ஓட்டமும், சாதாரண நிலையில் தனி எலக்ட்ரான்களின் ஓட்டமும் ஒரே அளவுக் கணக்கில் வருகின்றன. மீக்கடத்தல் கோட்பாட்டுக்குப் பெயர் கொடுத்த மூவரில் ஒருவரான பார்டீனே இதை ஏற்காமல் எழுதினார். மறு ஆண்டு பெல் ஆய்வகத்தில் ஆண்டர்சனும் ரோவலும் வெள்ளீயம், அதன் ஆக்சைடு, ஈயம் ஆகியவற்றால் ஆன சந்தியில் அந்த ஓட்டத்தை அளந்தபோது வாதம் முடிந்தது. படலத்தில் ஓட்டை விழுந்து குறுக்குச் சுற்று ஆகியிருந்தாலும் மின்னழுத்தம் இல்லாத ஓட்டம்தான் தெரியும். வேறுபடுத்திக் காட்டியது காந்தப்புலம்: மிகச் சிறிய புலத்துக்கே ஜோசப்சன் ஓட்டம் குறைந்தது, ஓட்டை வழிப் போகும் ஓட்டம் அப்படிக் குறையாது.

ஜோசப்சன் தந்தவை இரண்டு சமன்பாடுகள். சந்தியின் இருபுறக் கட்ட வேறுபாடு φ என்றால் மின்னழுத்தமே இல்லாமல் ஓடும் மின்னோட்டம் I = Ic sin φ. மின்னழுத்தம் இருந்தால் φ அதற்கேற்ற வேகத்தில் சுழலும். Ic என்பது அந்தச் சந்தி தாங்கும் உச்ச அளவு. இதை மாறுநிலை மின்னோட்டம் என்கிறோம். கியூபிட்டில் சந்தியைப் பற்றி நாம் அறிய வேண்டியதில் பெரும்பங்கு இந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை 1963இல் வந்தது. வினய் அம்பேகாவ்கரும் அலெக்சிஸ் பராட்டாஃபும் காட்டிய தொடர்பு அது: மாறுநிலை மின்னோட்டத்தையும் சாதாரண நிலை மின்தடையையும் பெருக்கினால், சந்தியின் அளவையோ படலத்தின் தடிமனையோ சாராத ஒரு மாறிலி கிடைக்கும். மிகக் குறைந்த வெப்பநிலையில் அது πΔ/2e. இதில் Δ ஓர் எலக்ட்ரானுக்கான ஆற்றல் இடைவெளி, e எலக்ட்ரானின் மின்னூட்டம். அலுமினியத்துக்கு ஏறக்குறைய 283 மைக்ரோவோல்ட். தனி எலக்ட்ரானும் இணையும் கடப்பது ஒரே படலத்தைத்தான். ஒன்றுக்குக் கடினமானால் மற்றதற்கும் அதே விகிதத்தில் கடினம். மின்தடையை அளந்தால் மாறுநிலை மின்னோட்டத்தை அளந்த மாதிரி.

நடைமுறையில் ஒரு சிறு திருத்தம் தேவைப்படும். கோட்பாடு சொல்லும் மின்தடை, அலுமினியம் மீக்கடத்தியாவதற்குச் சற்று மேலே உள்ள வெப்பநிலைக்கானது. அறை வெப்பநிலையில் அளப்பது அதைவிடப் பத்து சதவீதம் போலக் குறைவாக இருக்கும். ஒவ்வோர் ஆய்வகமும் தன் செய்முறைக்கேற்ற விகிதத்தைப் பழைய சில்லுகளை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளும். இன்னொரு ஆய்வகத்தின் எண்ணைக் கடன் வாங்கினால் அதிர்வெண் தப்பும்.

சீரற்ற படிகள்

மின்தேக்கியையும் மின்தூண்டியையும் இணைத்தால் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அலையும் சுற்று கிடைக்கும். மீக்கடத்தியால் செய்து குளிர வைத்தால் அதன் ஆற்றல் மட்டங்கள் தனித்தனிப் படிகளாகும். ஆனால் அதைக் கியூபிட்டாகப் பயன்படுத்த முடியாது. எல்லாப் படிகளும் ஒரே உயரம் என்பதால், கீழ்ப்படியிலிருந்து முதல் படிக்கு ஏற்றும் நுண்ணலை அதை இரண்டாம், மூன்றாம் படிக்கும் ஏற்றிவிடும். நமக்குத் தேவை இரண்டே மட்டங்கள்.

மின்தூண்டியை எடுத்துவிட்டு ஜோசப்சன் சந்தியைப் போட்டால் நிலைமை மாறும். சந்தியும் மின்தூண்டிபோலத்தான் நடந்துகொள்கிறது, ஆனால் அதன் தூண்டல் அளவு கட்டத்தைப் பொறுத்து மாறும். இதன் கணிதம் ஊஞ்சலின் கணிதமேதான்: கட்டம் φ ஊஞ்சலின் கோணம், சந்தியின் ஆற்றல் புவியீர்ப்பு, மின்தேக்கி ஊஞ்சலின் நிறை. சிறிய வீச்சில் ஊஞ்சல் சீராக ஆடும்; உந்தி உயரே போகப் போக ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் கூடும். அதேபோல இங்கே மேலே போகப் போகப் படிகளின் இடைவெளி குறைகிறது. முதல் படி 5.0 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் அடுத்தது 4.8. இந்த 0.2 வேறுபாடு இருப்பதால் 5.0இல் கொடுக்கும் துடிப்பு முதல் இரண்டு மட்டங்களை மட்டும் தொடும். கட்டம் என்ற இந்தக் கூட்டு மாறியே தனித்தனி ஆற்றல் படிகளைக் கொண்டிருக்கிறது என்பதை 1984, 85 ஆண்டுகளில் பெர்க்லியில் கிளார்க், டெவொரே, மார்ட்டினிஸ் மூவரும் சோதனையில் காட்டினார்கள். 2025ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் அதற்காகத்தான்.

இனி ஒரு கியூபிட்டைக் கணக்குப் போட்டே வடிவமைக்கலாம். வேண்டியது 5 ஜிகாஹெர்ட்ஸ் அதிர்வெண், படிகளுக்கிடையே 200 மெகாஹெர்ட்ஸ் வேறுபாடு. இரண்டு ஆற்றல்கள் இதில் வருகின்றன: மின்தேக்கியில் மின்னூட்டம் சேர ஆகும் ஆற்றல் EC, சந்தியின் பிணைப்பு ஆற்றல் EJ. பெரிய மின்தேக்கி கொண்ட டிரான்ஸ்மான் என்ற வகையில் படிகளின் வேறுபாடு கிட்டத்தட்ட EC அளவே. கீழே h பிளாங்க் மாறிலி, ħ அதை 2πஆல் வகுத்தது.

```
EC/h = 0.20 GHz       →  C  = e²/(2·EC)    ≈ 97 fF
h·f = √(8·EJ·EC) − EC →  EJ/h = 5.2²/(8×0.2) ≈ 16.9 GHz
Ic = 2e·EJ/ħ          ≈ 34 nA
L  = ħ/(2e·Ic)        ≈ 9.7 nH
R  = πΔ/(2e·Ic)       ≈ 8.3 kΩ
```

97 ஃபெம்டோஃபாரட் மின்தேக்கியைச் சில்லின் மேல் இரண்டு உலோகத் தகடுகளாக வரைந்துவிடலாம். அகலம் சில நூறு மைக்ரோமீட்டர். கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும். இதில் தவறு நேர வாய்ப்பு குறைவு. சிக்கல் எல்லாம் 34 நானோஆம்பியர் சந்தியில்தான்.

அதற்கு முன், இந்த இரண்டு ஆற்றல்களின் விகிதம் ஏன் இவ்வளவு பெரிது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இங்கே EJ/EC சுமார் 85. 1999இல் ஜப்பானின் என்.இ.சி. ஆய்வகத்தில் நாகமுரா, பாஷ்கின், ட்சை செய்த முதல் மீக்கடத்திக் கியூபிட்டில் மின்னூட்டத்தின் ஆற்றலே மேலோங்கியிருந்தது. ஒரு சிறு தீவில் ஓர் இணை கூடுதலாக இருக்கிறதா இல்லையா என்பதுதான் அதன் 0, 1 நிலைகள். நேரடியான வழி. ஆனால் அருகிலுள்ள ஆக்சைடில் ஏதோ ஒரு மின்னூட்டம் இடம் மாறினாலே அதன் அதிர்வெண் தாறுமாறாகும். நிலை நீடித்தது சில நானோவினாடிகள்தான்.

2007இல் யேல் குழு முன்வைத்த டிரான்ஸ்மான் இதைத் தலைகீழாக்கியது. பெரிய மின்தேக்கியை இணைத்து EC-யைக் குறைத்தார்கள். இப்போது தகட்டில் எத்தனை இணைகள் கூடுதல் என்பதே உறுதியாக இருக்காது. நம் எடுத்துக்காட்டில் கீழ் மட்டத்திலேயே அந்த எண்ணிக்கை ஒன்றேகால் இணை அளவுக்குப் பரவிக் கிடக்கும். எண்ணிக்கையே மங்கலாக இருக்கும்போது பக்கத்து மின்னூட்டத்தின் அசைவு பெரிதாகப் பாதிக்காது. அதே EC-யோடு விகிதம் 20ஆக இருந்தால் வெளி மின்னூட்டத்தால் அதிர்வெண் சில மெகாஹெர்ட்ஸ் அலையும். 85இல் அது சில பத்து ஹெர்ட்ஸ். இதற்குக் கொடுக்கும் விலை, படிகளின் வேறுபாடு சுருங்குவது. 200 மெகாஹெர்ட்ஸ் வேறுபாடு இருக்கும்போது 5 நானோவினாடித் துடிப்பு கொடுத்தால் அதன் நிறமாலை அடுத்த படியையும் தொட்டுவிடும். அதனால்தான் துடிப்புகள் பொதுவாக 20, 30 நானோவினாடி நீளத்தில், ஓரங்கள் மெல்ல ஏறி இறங்கும்படி அமைகின்றன.

நிழலில் வார்ப்பது

சந்தி செய்யும் முறையின் அடிப்படை இன்றும் பெரிதாக மாறவில்லை: வெற்றிட அறையைத் திறக்காமல் அலுமினியம், ஆக்சிஜன், மீண்டும் அலுமினியம். அறையைத் திறந்தால் காற்றின் ஈரமும் அழுக்கும் படலத்தில் ஏறிவிடும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு.

சிலிக்கான் அல்லது சஃபையர் வில்லையின் மேல் எலக்ட்ரான் கற்றை பட்ட இடத்தில் கரைந்துபோகும் ரெசிஸ்ட் எனும் பூச்சை இரண்டு அடுக்காகப் பூசி, அந்தக் கற்றையால் கூட்டல் குறிபோல ஒன்றையொன்று வெட்டும் இரண்டு மெல்லிய பள்ளங்களை வரைகிறார்கள். ஒவ்வொன்றும் 200 நானோமீட்டர் அகலம். பிறகு வில்லையைச் சாய்த்து, ஒரு பள்ளம் இருக்கும் திசையிலிருந்து அலுமினிய ஆவியைப் படியவைக்கிறார்கள். அந்தப் பள்ளத்தின் அடியில் உலோகம் இறங்கும். குறுக்குப் பள்ளத்தில் ரெசிஸ்ட் சுவரின் நிழல் விழுவதால் இறங்காது. 30 நானோமீட்டர் படிந்ததும் நிறுத்தி, தூய ஆக்சிஜனை உள்ளே விட்டு, அழுத்தத்தைக் கவனமாக நிலைநிறுத்திப் பத்து, இருபது நிமிடம் காத்திருப்பார்கள். அலுமினியத்தின் மேற்பரப்பு தானே ஆக்சைடாகிறது. ஆக்சிஜனை வெளியேற்றி, வில்லையை 90 டிகிரி திருப்பி, அடுத்த பள்ளத்தின் திசையிலிருந்து 60 நானோமீட்டர் அலுமினியம். இரண்டு கம்பிகளும் குறுக்கிடும் சதுரமே சந்தி. கடைசியில் கரைப்பானில் ஊறவைத்தால் ரெசிஸ்ட் கரைந்து மேலே படிந்த வேண்டாத உலோகத்தையும் தூக்கிக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது அடுக்கு தடிமனாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அது முதல் கம்பியின் 30 நானோமீட்டர் விளிம்பில் ஏறிப் போக வேண்டும்; மெல்லியதாக இருந்தால் விளிம்பில் அறுந்துவிடும். அந்த விளிம்பிலும் ஆக்சைடு இருப்பதால் அங்கேயும் சந்தி உருவாகிறது. ஆக, பரப்பு 200×200 இல்லை, ஆவி நேரே படும் பக்கத்தைச் சேர்த்து 200×230 என்று கொள்ள வேண்டும்: 0.046 சதுர மைக்ரோமீட்டர். 34 நானோஆம்பியர் வேண்டுமென்றால் ஒரு சதுர மைக்ரோமீட்டருக்கு 0.74 மைக்ரோஆம்பியர் கிடைக்கும்படி ஆக்சைடை வளர்க்க வேண்டும். அழுத்தத்தையும் நேரத்தையும் மாற்றி இதைச் சரிசெய்யலாம். ஆனால் நேரத்தை இரட்டித்தால் மின்னோட்டம் பாதியாகாது. ஆக்சைடு வளர வளரத் தன் வளர்ச்சியைத் தானே தடுப்பதால் குறைவு அதைவிட மென்மையானது. ஒரு வகையில் இது நல்லது, சில வினாடிப் பிசகு மன்னிக்கப்படும்.

ஊசி வைத்து அளக்கும்போது மூன்று விதமான விடைகள் வரலாம். கணக்கிட்ட 8.3 கிலோஓமில் அறை வெப்பநிலைக்கான பத்து சதவீதத்தைக் கழித்து, 7.5 கிலோஓம் பக்கம் வந்தால் சரி. சில நூறு ஓம் அல்லது அதற்கும் கீழ் வந்தால் ஆக்சைடு பிளந்துவிட்டது; பெரும்பாலும் நிலைமின்சாரம்தான் குற்றவாளி, அளக்கும் கையில் தரையிணைப்புப் பட்டை இல்லையென்றால் தொட்ட மாத்திரத்தில் சந்தி போய்விடும். மெகாஓம் கணக்கில் வந்தால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. சிலிக்கான் வில்லையில் இன்னொரு பொறியும் உண்டு: நுண்ணோக்கியின் விளக்கை அணைக்காமல் அளந்தால் ஒளி பட்டுச் சிலிக்கானே மின்னோட்டத்தைக் கொஞ்சம் கடத்தி, மின்தடை குறைவாகத் தெரியும். விளக்கை அணைத்ததும் எண் ஏறினால் காரணம் இதுதான்.

நான்கு நானோமீட்டர் பிசகு

அதிர்வெண் மின்தடையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. மின்தடையில் 2 சதவீதம் பிசகினால் அதிர்வெண்ணில் 1 சதவீதம், அதாவது சுமார் 52 மெகாஹெர்ட்ஸ். 200 நானோமீட்டரில் 2 சதவீதம் என்பது 4 நானோமீட்டர். பள்ளத்தின் ஓரம் அந்த அளவு ஏறி இறங்குவது சகஜம். ஆக்சைடோ இன்னும் மோசம். ஊடுருவல் தடிமனோடு அடுக்குக்குறி வேகத்தில் குறைவதால், சந்தியின் மிக மெல்லிய சில புள்ளிகளே மின்னோட்டத்தின் பெரும்பகுதியைச் சுமக்கின்றன.

52 மெகாஹெர்ட்ஸ் தப்பினால் என்ன? தனி ஒரு கியூபிட்டுக்குக் கவலையில்லை, நுண்ணலை மூலத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் இன்னொன்று இருக்கும்போதுதான் வம்பு. நிலையான அதிர்வெண் கொண்ட இரண்டு கியூபிட்களைப் பிணைக்க ஒரு வழக்கமான முறை, முதல் கியூபிட்டுக்கு இரண்டாவதின் அதிர்வெண்ணில் நுண்ணலை கொடுப்பது. முதலாவது 5.00, இரண்டாவது 4.90 என்று திட்டமிட்டோம் என்போம். இரண்டாவது 4.80இல் வந்து நின்றால், அது முதல் கியூபிட்டின் இரண்டாம் படி அதிர்வெண். கொடுக்கும் நுண்ணலை அதை மூன்றாம் மட்டத்துக்கு ஏற்றிவிடும். 5.00இல் வந்தால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தனித்தனியே இயக்க முடியாது. இருபுறமும் 100 மெகாஹெர்ட்ஸ்தான் இடம். ஒவ்வொன்றிலும் வழக்கமான பிசகு 52 என்றால் இரண்டின் வேறுபாட்டில் பிசகு 73. ஒரு ஜோடிக்கு இது தேறலாம். நூறு கியூபிட் சில்லில் எங்காவது மோதல் நிச்சயம்.

இதற்கு ஒரு வழி, ஒரு சந்திக்குப் பதில் இரண்டை வளையமாக்கிக் காந்தப்புலத்தால் அதிர்வெண்ணைத் திருகுவது. வேலை செய்யும், ஆனால் காந்தப்புலத்தின் இரைச்சலும் கூடவே உள்ளே வரும், ஒவ்வொரு கியூபிட்டுக்கும் கூடுதல் கம்பி ஒன்றும் வேண்டும். இன்னொரு வழி, செய்து முடித்த சந்தியை லேசரால் சற்றே சூடாக்குவது. ஆக்சைடின் அமைப்பு மாறி மின்தடை கூடும். ஐபிஎம் இந்த வழியில் போனது. திருத்தம் பெரும்பாலும் ஒரே திசையில், அதிர்வெண் இறங்கும் பக்கம் என்பதால், எல்லாக் கியூபிட்களையும் வேண்டியதைவிடச் சற்று மேலே செய்துவைத்து, அளந்து, தேவையான அளவு கீழே இறக்குவார்கள். எதை எவ்வளவு இறக்குவது என்பதை முடிவு செய்வது அறை வெப்பநிலையில் எடுத்த மின்தடைதான்.

லேசர் படாமலே மின்தடை கூடுவதும் உண்டு. சந்தியை அலமாரியில் வைத்தால் நாள் போகப்போக மின்தடை சில சதவீதம் ஏறும். ரெசிஸ்டின் மிச்சம் சரியாகத் துடைக்கப்படாமல் இருந்தால் இன்னும் அதிகம். ஆகவே அளந்த தேதியையும் குளிரவைக்கும் தேதியையும் குறித்து வைக்காத அளவீடு பாதி அளவீடுதான்.

குளிரில் தெரியவரும் குறைகள்

மின்தடை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. அதிர்வெண் சரியாக இருந்தும் கியூபிட்டின் ஆயுள், அதாவது ஏறிய ஆற்றலை அது தக்கவைக்கும் நேரம், குறுகலாம். முக்கியமான காரணங்கள் இரண்டு சந்திக்குள்ளேயே இருக்கின்றன.

முதலாவது ஆக்சைடு. அது படிகம் இல்லை, ஒழுங்கற்ற கண்ணாடிபோன்ற பொருள். அதில் சில அணுக்கள் இரண்டு இடங்களுக்கு நடுவே தத்தளிக்கும். அந்தத் தத்தளிப்பின் ஆற்றல் தற்செயலாக 5 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் இருந்தால் கியூபிட்டின் ஆற்றலை அது உறிஞ்சிக்கொள்ளும். அதிர்வெண் மாற்றக்கூடிய கியூபிட்டை மெல்ல நகர்த்திக்கொண்டே போனால், நிறமாலைக் கோடு ஓரிடத்தில் இரண்டாகப் பிளந்து விலகுவதில் இதைப் பார்க்கலாம். நிலையான அதிர்வெண் கியூபிட்டில் அறிகுறி வேறு: ஆயுள் இன்று 100 மைக்ரோவினாடி, சில மணி நேரத்தில் 40, பிறகு பழையபடி. குறை இடம் மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சந்தியைச் சிறிதாக்குவதே நல்ல தற்காப்பு. பழைய பெரிய சந்திகளில் ஒரு சதுர மைக்ரோமீட்டருக்கு, ஒரு ஜிகாஹெர்ட்ஸ் வீச்சில், சராசரியாக அரைக் குறை என்ற கணக்கில் இவை எண்ணப்பட்டன. அதே அடர்த்தி என்றால் நம் 0.046 சதுர மைக்ரோமீட்டர் சந்தியில் ஒரு ஜிகாஹெர்ட்ஸ் வீச்சில் நாற்பது சந்திகளில் ஒன்றுக்குத்தான் அப்படி நேரும்.

இரண்டாவது, இணை உடைந்து திரியும் தனி எலக்ட்ரான். 20 மில்லிகெல்வினில் வெப்பத்தால் இணை உடைய வாய்ப்பே இல்லை; கணக்குப்படி சில்லு முழுவதிலும் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆனால் அளந்தால் கோடி இணைக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கின்றன. அத்தகைய எலக்ட்ரான் சந்தியைக் கடக்கும்போது கியூபிட்டின் ஆற்றலை எடுத்துக்கொண்டு போய்விடும். பத்து லட்சம் இணைக்கு ஒன்று உடைந்திருந்தால் நம் கியூபிட்டின் ஆயுள் 24 மைக்ரோவினாடிக்கு மேல் போகாது. கோடிக்கு ஒன்றானால் 240 வரை போகலாம்.

இவற்றை உடைப்பது எது? குளிர்விப்பானின் மேல் அடுக்குகளிலிருந்து கம்பி வழியாகவோ இடுக்கு வழியாகவோ கசிந்து வரும் அகச்சிவப்பு ஒளி ஒன்று. 87 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எந்த ஒளித்துகளும் இணையை உடைக்கும். கம்பிகளில் உறிஞ்சு வடிகட்டிகளும், சில்லைச் சுற்றி ஒளிபுகா மூடியும் போட்டால் இது பெருமளவு அடங்கும். மற்றது கதிர்வீச்சு. காஸ்மிக் கதிரோ சுற்றுப்புறக் காமா கதிரோ சில்லில் பட்டால் சிலிக்கான் முழுவதும் அதிர்வுகள் பரவி, ஒரே நேரத்தில் பல கியூபிட்களில் இணைகள் உடையும். கூகுள் குழு 26 கியூபிட்களைத் தொடர்ந்து கண்காணித்தபோது ஏறத்தாழப் பத்து வினாடிக்கு ஒருமுறை இப்படிக் கூட்டமாகக் கியூபிட்கள் விழுந்து, பத்துக் கணக்கான மில்லிவினாடிகளில் மீண்டன. பிழைதிருத்தக் குறிமுறைகள் பிழைகள் தனித்தனியே நேரும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை. ஒரே அடியில் பத்து கியூபிட் விழுந்தால் அந்தக் குறிமுறை கைகொடுக்காது.

மூடி போட்டு இதைத் தடுக்க முடியாது. கதிரைத் தடுக்க முடியாவிட்டாலும் உடைந்த எலக்ட்ரான் சந்தியைக் கடப்பதைத் தடுக்கலாம் என்பதுதான் இப்போதைய வழி. அலுமினியப் படலம் மெல்லியதாக ஆக அதன் ஆற்றல் இடைவெளி கூடும். சந்தியின் ஒரு பக்கத்தை மிக மெல்லியதாகவும் மறுபக்கத்தைத் தடிமனாகவும் செய்தால், தனி எலக்ட்ரான்கள் இடைவெளி குறைந்த தடித்த பக்கத்தில் தங்கும். கடக்க வேண்டுமானால் இரண்டு இடைவெளிகளின் வேறுபாட்டளவு ஆற்றல் வேண்டும். கியூபிட்டிடமிருந்து அவை பறிக்கக்கூடியது 5 ஜிகாஹெர்ட்ஸுக்குச் சமமான 20.7 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் மட்டுமே. வேறுபாடு அதைவிடப் பெரிதாக இருந்தால், கியூபிட்டின் ஆற்றல் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் ஏற முடியாது. கூகுள் குழு 2024இல் இப்படிச் செய்த சில்லில் அந்தக் கூட்டப் பிழைகள் வெகுவாகக் குறைந்ததைக் காட்டியது.

இதிலும் கைக்கணக்கு மாறுகிறது. 30க்கு 60 நானோமீட்டர் தடிமனில் இந்த வேறுபாடு போதாது. ஒரு பக்கம் இன்னும் மெலிய வேண்டும், மெலிந்தால் விளிம்பின் உயரம் குறைந்து சந்தியின் பரப்பு சுருங்கும். இருபுற இடைவெளியும் சமமில்லாததால் 283 மைக்ரோவோல்ட் என்ற பெருக்குத்தொகையும் மாறும். அதனால் தடிமனை மாற்றும் ஆய்வகம், மின்தடையிலிருந்து அதிர்வெண்ணுக்குப் போகும் தன் அட்டவணையைப் புதிதாக எழுத வேண்டும்: சோதனைச் சந்திகள் செய்து, அறை வெப்பநிலையில் அளந்து, குளிரவைத்து, வந்த அதிர்வெண்ணோடு ஒப்பிட்டு.